பயணச் செலவு மின்னஞ்சல்: ஒவ்வொரு தொகைக்கும் ஒரு பற்றுச்சீட்டு, ஒரு பிரிவு இலக்கம்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கொழும்பில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்து, செலவுக் காசு கேட்டு மின்னஞ்சல் போட்டேன். பில்களைப் படம் எடுத்து இணைத்தும், "விபரம் போதாது, எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள்?" என்று கணக்குப் பகுதி திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டு ஓட்டோப் பயணத்துக்குப் பில்லே இல்லை. விடுதி பில்லோ எங்கள் உச்சத் தொகையை விடக் கூடிவிட்டது. எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் மின்னஞ்சலைத் திறக்கும் கணக்கு உத்தியோகத்தர் அதை வைத்து ஒரு வவுச்சர் எழுத வேண்டும். பல மாதம் கழித்து கணக்காய்வாளர் வந்து அந்த வவுச்சரைப் புரட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். ஆகவே நீங்கள் கேட்கும் ஒவ்வொரு தொகைக்கும் மூன்று விடயங்கள் ஒரே வரியில் நிற்க வேண்டும்: எதற்கு எவ்வளவு, அதற்கான ஆதாரம் எந்த இணைப்பில், அதை அனுமதிக்கும் பிரிவு எது. உங்கள் மின்னஞ்சல் திரும்பி வந்தது பெரும்பாலும் இந்த மூன்றாவது இல்லாததால்தான். பில்கள் செலவு நடந்ததைக் காட்டும். அந்தச் செலவை நிறுவனம் பொறுப்பேற்கிறதா என்பதைப் பயணக் கொள்கை மட்டும்தான் சொல்லும்.

எழுத உட்காரும் முன் கொள்கையை எடுத்துப் பாருங்கள். அதன் திகதியும் முக்கியம். உச்சத் தொகைகள் இடையிடையே திருத்தப்படுவதால் பழைய பிரதி உங்கள் கணினியில் கிடக்கக்கூடும். பெரும்பாலான நிறுவனங்களில் பயணம் செய்த நாளில் நடைமுறையில் இருந்த கொள்கையே பொருந்தும். பிறகு உங்கள் செலவுகளைக் கொள்கையின் தலைப்புகளுக்குக் கீழே கூட்டுங்கள். பில் கிடைத்த ஒழுங்கில் அடுக்கினால், பார்ப்பவர் ஒவ்வொன்றுக்கும் பிரிவைத் தேடி அலைய வேண்டிவரும்.

உங்கள் பயணத்தைப் போன்ற ஒன்றை வைத்துச் செய்து பார்ப்போம். கொள்கை இலக்கங்களும் தொகைகளும் உதாரணத்துக்காக நான் வைத்தவை. உங்களுடையதை அந்த இடத்தில் போடுங்கள். 2025 ஜூன் 16 இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, 17, 18 ஆம் திகதிகளில் பயிற்சி முடித்து, 18 இரவு திரும்ப ஏறி 19 காலை வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம்.

முதலில் விடுதி பில். மொத்தம் 14,830 ரூபாய். பில்லுக்குள்ளே போய்ப் பார்த்தால் அறை வாடகை 10,000, அதற்கு 10 வீதம் சேவைக் கட்டணம் 1,000, இரண்டும் சேர்ந்த 11,000க்கு 18 வீத வற் வரி 1,980. ஆக அறைக்கு 12,980. மிச்சம் 1,850 அன்றிரவு விடுதியிலேயே சாப்பிட்டதற்கு. கொள்கையின் 4.5 ஆம் பிரிவு "வரிகள் உட்பட ஓர் இரவுக்கு ரூ. 12,000 வரை" என்கிறது. "வரிகள் உட்பட" என்ற அந்தச் சொற்கள் இல்லாவிட்டால், உச்சத் தொகை அறை வாடகைக்கு மட்டுமா என்று கணக்குப் பகுதியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். இங்கே அவை இருப்பதால் நீங்கள் கேட்கக்கூடியது 12,000. மேலதிகமான 980 உங்கள் பொறுப்பு.

இரவுச் சாப்பாட்டின் 1,850ஐக் கேட்க முடியாது. 4.7 ஆம் பிரிவின்படி நாளுக்கு 3,000 ரூபாய் உணவுக் கொடுப்பனவு பில் இல்லாமலே கிடைக்கிறது. அதையும் வாங்கி, விடுதி பில்லில் உள்ள சாப்பாட்டையும் கேட்டால் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு தரம் காசு கேட்டதாகிவிடும். நல்ல ஊழியர்களின் விண்ணப்பங்களும் மாட்டுப்படுவது இந்த இடத்தில்தான். விடுதி பில்லின் அடித்தொகையைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். சாப்பாடு உள்ளே ஒளிந்திருப்பது தெரிவதில்லை. அதேபோல, பயிற்சி நடத்தியவர்கள் மதியச் சாப்பாடு தந்திருந்தால், எங்கள் உதாரணக் கொள்கை நாளுக்கு 1,000 கழிக்கச் சொல்கிறது. இரண்டு நாளுக்கு 6,000இல் 2,000 போக 4,000. அந்தக் கழிவை நீங்களே போட்டுக் காட்டுங்கள். பயிற்சி நிகழ்ச்சிநிரலில் "மதிய உணவு" என்று இருப்பதைக் கணக்குப் பகுதி எப்படியும் கண்டுபிடிக்கும்.

இனி ஓட்டோ. பிக்மீ போன்ற செயலியில் போன மூன்று பயணங்களுக்குக் கவலையில்லை. காசாகக் கொடுத்திருந்தாலும் பயண வரலாற்றில் திகதி, இடம், இறுதிக் கட்டணம் எல்லாம் இருக்கும். ஏறுவதற்கு முன் காட்டும் மதிப்பீட்டுக் கட்டணத்தைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள், அது பற்றுச்சீட்டு ஆகாது. தெருவில் மறித்துப் போன இரண்டு பயணங்களுக்கு மட்டும் பில் இல்லை. இப்படியான நேரத்தில் சிலர் வெற்றுப் பில் புத்தகத்தில் தாங்களே நிரப்பி வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். வேறு வேறு ஓட்டோக்காரரின் பில்கள் ஒரே கையெழுத்தில் இருப்பதைக் கணக்காய்வாளர் உடனே காண்பார். உண்மையாகச் செலவான 1,650 ரூபாய்க்காக உங்கள் முழு விண்ணப்பமும் சந்தேகத்துக்குள்ளாகும். பில் கிடைக்காத உள்ளூர்ப் பயணத்துக்குப் பல கொள்கைகளில் தனிப் பிரிவு இருக்கும். எங்கள் உதாரணத்தில் அது 4.9. அதன்படி ஒரு பிரகடனம் எழுதுங்கள். திகதி, எங்கிருந்து எங்கே, எதற்காக, எவ்வளவு, ஏன் பற்றுச்சீட்டு இல்லை என்ற விபரங்களுடன் கையெழுத்து வைத்தால் போதும். வாகன இலக்கம் தெரிந்தால் சேருங்கள்.

பஸ் பயணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசனம் பதிவு செய்ததும் தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி, காசு கட்டியதற்கு ஆதாரமாகாமல் போகலாம். தொகை குறித்த ரிக்கெற் வேண்டும். விடுதியிலும் அப்படித்தான்: கார்ட் இயந்திரம் துப்பும் சிறு துண்டு மொத்தத் தொகையை மட்டும் காட்டும், எதற்கு என்று காட்டாது. விபரமான பில்லையும் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் நிறுவனத்தின் பெயருக்கு.

ரிக்கெற்றும் கடை பில்லும் பெரும்பாலும் வெப்பத் தாளில் அச்சாகின்றன. எங்கள் வெயிலில் சட்டைப் பையிலோ பிளாஸ்ரிக் உறையிலோ கிடந்தால் எழுத்து மங்கிவிடும். கையில் கிடைத்த அன்றே ஸ்கான் செய்து, ஒரு போட்டோப் பிரதியும் எடுத்து மூலப்பிரதியோடு சேர்த்துக் குத்துங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி எடுத்த பில்களில் சின்ன எழுத்து சிதைந்துவிடும். தொலைபேசியில் ஸ்கான் செய்து பி.டி.எப். ஆக்குவது நல்லது. கோப்புக்கு `IMG_2034.jpg` என்ற பெயரை விட்டுவிடாமல் `02-bus-16June.pdf` என்பதுபோல் வையுங்கள். முன்னால் நிற்கும் எண்ணும் மின்னஞ்சலில் எழுதும் இணைப்பு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

இவ்வளவும் கையில் இருந்தால் மின்னஞ்சல் இப்படி அமையும்.

பொருள்: பயணச் செலவு மீளளிப்பு – கொழும்புப் பயிற்சி, 2025 ஜூன் 16–19 – மீதி ரூ. 10,390

மதிப்பிற்குரிய கணக்காளர் அவர்களுக்கு,

ஜூன் 17, 18 ஆம் திகதிகளில் கொழும்பில் நடந்த பயிற்சிக்கு, நிகழ்ச்சித்திட்ட முகாமையாளரின் அனுமதியுடன் (இணைப்பு 1) சென்று வந்தேன். பயிற்சி காலை ஆரம்பித்ததால் 16 இரவே புறப்பட்டேன். செலவு விபரம் பின்வருமாறு:

பஸ், யாழ்ப்பாணம்–கொழும்பு, போக வர, 2,950 வீதம்: ரூ. 5,900 (பிரிவு 4.2, இணைப்பு 2, 3)
விடுதி, ஜூன் 17, ஓர் இரவு: ரூ. 12,000 (பிரிவு 4.5, இணைப்பு 4. அறைக்கான உண்மைச் செலவு 12,980. உச்சத் தொகைக்கு மேலான 980ஐயும், பில்லில் உள்ள உணவுக்கான 1,850ஐயும் கோரவில்லை.)
உணவுக் கொடுப்பனவு, இரண்டு நாள், வழங்கப்பட்ட மதிய உணவு கழித்து: ரூ. 4,000 (பிரிவு 4.7, நிகழ்ச்சிநிரல் இணைப்பு 5)
செயலி மூலமான ஓட்டோ, 380 + 720 + 740: ரூ. 1,840 (பிரிவு 4.8, இணைப்பு 6, 7, 8)
பற்றுச்சீட்டு இல்லாத ஓட்டோ, 800 + 850: ரூ. 1,650 (பிரிவு 4.9, பிரகடனம் இணைப்பு 9)

மொத்தம்: ரூ. 25,390
பெற்ற முற்பணம்: ரூ. 15,000
எனக்கு வரவேண்டிய மீதி: ரூ. 10,390

பிரிவு 4.9: "பற்றுச்சீட்டு பெற முடியாத உள்ளூர்ப் பயணத்துக்கு, ஒரு பயணத்துக்கு ரூ. 1,000 வரை, ஊழியரின் கையொப்பமிட்ட பிரகடனத்தின் பேரில் வழங்கலாம்."

மூலப்பிரதிகளை இன்று கணக்குப் பகுதியில் ஒப்படைக்கிறேன். ஏதாவது வரியில் தெளிவு தேவையென்றால் அறியத்தாருங்கள்.

நன்றி.
பெயர், பதவி, ஊழியர் இலக்கம்

இதில் ஒரேயொரு பிரிவைத்தான் சொல்லுக்குச் சொல் எடுத்துப் போட்டிருக்கிறேன். பஸ்ஸுக்கும் விடுதிக்கும் எண் மட்டும் போதும். அவற்றைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. பில் இல்லாத தொகைக்குத்தான் கேள்வி வரும், அங்கேதான் வாசகம் கண் முன்னே நிற்க வேண்டும். அதை உங்கள் சொந்தச் சொற்களில் சுருக்காதீர்கள். "1,000 வரை" என்பதும் "ஒரு பயணத்துக்கு" என்பதும் சேர்ந்துதான் உங்கள் 850ஐக் காப்பாற்றுகின்றன. கொள்கை ஆங்கிலத்தில் இருந்தால், அந்த வசனத்தை ஆங்கிலத்திலேயே வெட்டி ஒட்டுங்கள்.

முற்பணத்தை எழுத மறப்பவர்கள் நிறைய. 25,390 என்று மட்டும் கேட்டால், ஏற்கெனவே வாங்கிய 15,000 பேரேட்டில் உங்கள் பெயரில் நிலுவையாக நிற்கும். அதைத் தீர்க்கும்வரை மீதியும் வராது, சில இடங்களில் அடுத்த பயணத்துக்கு முற்பணமும் தர மாட்டார்கள்.

திகதியையும் ஒருமுறை சரிபாருங்கள். இரவு பஸ்ஸில் போவதால் ரிக்கெற் 16 என்றும் பயிற்சிக் கடிதம் 17 என்றும் காட்டும். காரணத்தை ஒரு வரியில் சொல்லாவிட்டால் "பயிற்சி இல்லாத நாளில் ஏன் பயணம்?" என்று கேட்டு இன்னொரு மின்னஞ்சல் வரும்.

ஓட்டோவுக்கு 4.9 போன்ற பிரிவு உங்கள் கொள்கையில் இல்லவே இல்லையென்றால், அந்த இரண்டு தொகையையும் மற்றவற்றோடு கலக்காமல் கடைசியில் தனியாக வைத்து, பிரகடனத்தை இணைத்து, முகாமையாளரின் விசேட அனுமதியைக் கேளுங்கள். அனுமதி வராவிட்டாலும் மற்ற 23,740 தடைப்படாமல் வவுச்சருக்குப் போகும். திருப்பி அனுப்பிய அதே மின்னஞ்சல் தொடரிலேயே பதிலாக இதை அனுப்புங்கள். விண்ணப்பிக்க இத்தனை நாள் என்று உங்கள் கொள்கையில் காலக்கெடு இருந்தால், நீங்கள் முதலில் அனுப்பிய திகதி அந்தத் தொடரில் பதிவாகி இருக்கும்.