சாயப்பட்டறைக்காரரிடம் டெக்ஸ்ட் பி.டி.எஃப் பில் கேட்டு எழுதும் கடிதம்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் ஆபீசராக இருக்கிறேன். பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறை, பில்லை போட்டோ பிடித்தே அனுப்புகிறது. டெக்ஸ்ட் பி.டி.எஃப் வேண்டும் என்று எப்படி எழுதுவது?

பதில்: “பி.டி.எஃப் அனுப்பவும்” என்று மட்டும் எழுதினால், அதே போட்டோவை போன் ஸ்கேனர் ஆப்பில் போட்டு பி.டி.எஃப் ஆக்கி அனுப்புவார்கள். உறை மாறியிருக்கும், உள்ளே இருப்பது படம்தான். பில்லை அச்செடுத்து போட்டோ பிடிப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், கையெழுத்தும் சீலும் வேண்டுமே என்பது. கடிதம் அந்தத் தயக்கத்தைத் தீர்க்க வேண்டும், எந்தப் பட்டனை அழுத்துவது என்றும் சொல்ல வேண்டும்.

காரணம் சொல்லும்போது அவருடைய பில்லையே காட்டுங்கள். பில் எண் S/0518 என்று வைத்துக்கொள்வோம். போட்டோவில் S மங்கி 5 போலத் தெரிகிறது, உங்கள் புத்தகத்தில் 5/0518 என்று ஏறிவிடுகிறது. அவர் ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் ஏற்றியது S/0518. அடுத்த மாதம் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-2பி வரும்போது இரண்டும் பொருந்தாது. உள்ளீட்டு வரியை எடுக்க முடியாமல் நீங்கள் அவர் பேமெண்டை நிறுத்தி வைப்பீர்கள். எடையிலும் இதே கதைதான். 412.500 கிலோவில் மடிப்பு விழுந்து புள்ளி மறைந்தால் 412500 ஆகிவிடும். எடை தப்பினால் பார்த்ததும் தெரியும், பில் எண் தப்பினால் தெரியாது. அதனால் கடிதத்தில் பில் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படி எழுதலாம்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். தங்கள் S/0518 பில் போட்டோவாக வந்ததில் எண்ணின் முதல் எழுத்து 5 என்று பதிவாகிவிட்டது. 2பி-யுடன் பொருந்தாததால் பேமெண்ட் நிற்கிறது.
>
> இனி பில்லை அச்செடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். டாலி பிரைமில் பில்லைத் திறந்து Alt+E அழுத்தி, Current-க்குப் போய், Configure-இல் File Format-ஐ PDF என்று வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வேறு சாஃப்ட்வேர் என்றால் பிரிண்ட் கொடுக்கும்போது பிரிண்டராக Microsoft Print to PDF-ஐத் தேர்ந்தெடுங்கள்.
>
> சி.ஜி.எஸ்.டி விதி 46-இன்படி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்திற்கு உட்பட்டு வழங்கும் மின்னணு பில்லுக்குக் கையெழுத்து கட்டாயமில்லை. எங்களுக்குச் சீலும் தேவையில்லை.
>
> ஒரு பில்லுக்கு ஒரு ஃபைல், ஃபைலின் பெயரில் பில் எண் இருக்கட்டும். மெயிலில் அனுப்பலாம், வாட்ஸ்அப் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். அடுத்த பில்லை இப்படி அனுப்பிப் பாருங்கள், சரியாக இருக்கிறதா என்று அன்றே சொல்லிவிடுகிறோம்.
>
> இப்படிக்கு,
> அக்கவுண்ட்ஸ் ஆபீசர்

ஃபைல் பெயரில் சாய்கோடு போட விண்டோஸ் விடாது, S-0518 என்று வைக்கச் சொல்லுங்கள். கடிதம் போன கையோடு போனிலும் ஒரு வார்த்தை, “அண்ணா, பிரிண்ட் எடுக்காதீங்க, டாலியில இருந்தே அனுப்பிருங்க” என்று அங்கே பில் போடும் பையனிடம் சொல்வது நல்லது. கடிதம் முதலாளி மேசையிலேயே கிடந்துவிடும்.

வந்த ஃபைலைச் சோதிப்பதைப் போனில் செய்யாதீர்கள். இப்போதைய போன்கள் படத்திலிருந்தே எழுத்தை எடுத்துக் காட்டுவதால் ஏமாந்துபோவீர்கள். கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் திறந்து Ctrl+D அழுத்தி Fonts பக்கத்தைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் உள்ளே இருப்பது வெறும் படம். எழுத்துருப் பெயர்கள் இருந்தால், Ctrl+A, Ctrl+C கொடுத்து நோட்பேடில் ஒட்டி, பில் எண், ஜி.எஸ்.டி எண், மொத்தத் தொகை மூன்றையும் கண்ணால் ஒப்பிடுங்கள். ஸ்கேனர் ஆப் தானாக எழுத்தைப் படித்து படத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தால் அங்கேயும் எழுத்துருப் பெயர் தெரியும். பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரம் கூர்மையாகவே இருந்தால் சரி, பிசிறடித்தால் படம்தான்.

தமிழில் விவரம் அடிக்கும் பட்டறைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த பில், திரையில் அழகாகத் தெரியும். நோட்பேடில் ஒட்டினால் ‘சாயம்’ என்பது `rhak;` என்று வரும். இதற்காகச் சண்டை வேண்டாம். எண்கள் எண்களாகவே வருவதால் தொகையும் எடையும் தப்பிக்கும். சரக்கு விவரமும் ஏற வேண்டுமென்றால் மட்டும் யுனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள்.

கையால் பில் புத்தகத்தில் எழுதுகிறவருக்கு இந்தக் கடிதம் பொருந்தாது, அவரிடம் எக்ஸ்போர்ட் செய்ய ஒன்றுமில்லை. மேசை ஸ்கேனரில் 300 டி.பி.ஐ-யில் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு, நீங்களே கையால் ஏற்றிக்கொள்ளுங்கள்.