டோபி மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் உத்தரவாதத்துக்கு 9,000 வெள்ளி கொடுக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில், தோட்டத்துக்குப் போகும் சாலையில் காசு போட்டுத் துவைக்கும் டோபி கடை திறக்கப் போகிறேன். மொத்தம் 200,000 வெள்ளி ஆகும். பக்கத்தில் தொழிற்சாலை ஆட்களுக்குப் பெரிய விடுதி கட்டப்போவதாகப் பேச்சு; வருமா வராதா என்பது ஒரு வருடத்தில்தான் தெரியும். கூடுதலாக 9,000 வெள்ளி கொடுத்தால், வருடக் கடைசியில் மெஷின்களை 130,000 வெள்ளிக்குத் திருப்பி எடுத்துக்கொள்வதாக விற்பவர் எழுதித் தருகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் முதலில் கடை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்த்துவிட வேண்டும். அது இல்லாமல் கொடுத்தால் கொடுத்த காசுக்குக்கூடப் பெறாது. ஏன் என்று உங்கள் கணக்கை வைத்தே பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய கணக்கில் முதல் வருடம் எப்படியும் 20,000 வெள்ளி கையில் நிற்கிறது. அதற்குப் பிறகு கணக்கு இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. விடுதி வந்தால், வருடக் கடைசியில் நின்று பார்க்கும்போது கடையின் மதிப்பு 320,000. வராவிட்டால், தோட்டத்து வீடுகளையும் சாலையோரக் குடும்பங்களையும் மட்டும் நம்பி நடத்தினால் 80,000. இரண்டும் வாடகை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் போக வரும் மதிப்பு. வாய்ப்பு பாதிக்குப் பாதி என்கிறீர்கள். அப்படியானால் சராசரி 200,000. முதல் வருட 20,000-ஐச் சேர்த்து 220,000. ஒரு வருடம் கழித்து வரும் இந்தப் பணத்தை, தொழிலின் அபாயத்துக்காக 12 சதவீதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 196,429. போடுவது 200,000. ஆக 3,571 வெள்ளி நட்டம். 'இந்தத் தொழில் வேண்டாம்' என்று கணக்கு சொல்கிறது.

இதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. மோசமான வருடம் வந்தால் நீங்கள் கடையை நடத்தித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மூடிவிட்டு மெஷின்களைக் கொடுத்துப் பணத்தை எடுக்கலாம். நிதித் துறையில் இதைக் கைவிடும் உரிமை என்கிறார்கள். கைவிட்டால் கிடைப்பது மீட்பு மதிப்பு. மோசமான கிளையின் மதிப்பு அதற்குக் கீழே இறங்க முடியாது.

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். சராசரி 200,000-ஐ மீட்பு மதிப்போடு ஒப்பிட்டு, 'கடை அதைவிட அதிகம் பெறுகிறது, அப்புறம் எதற்கு விற்க வேண்டும்? அந்த உரிமைக்கு மதிப்பே இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் சராசரி என்ற வருடம் ஒன்று வரப்போவதே இல்லை. வருவது 320,000 அல்லது 80,000. நல்ல கிளையில் அந்த உரிமையைத் தொடவே மாட்டீர்கள். மோசமான கிளையில் மட்டும் பயன்படுத்துவீர்கள். அதனால் முதலில் ஒவ்வொரு கிளையிலும் 'நடத்துவதா, மூடுவதா, எது பெரிது' என்று பார்க்க வேண்டும். சராசரி எடுப்பது அதற்குப் பிறகுதான்.

அந்த ஒப்பீட்டில் நீங்கள் போட்ட 200,000-க்கு இடமே கிடையாது. அது போன பணம். வருடக் கடைசியில் எதிரெதிரே நிற்பவை இரண்டுதான்: தொடர்ந்து நடத்தினால் 80,000, மூடினால் கைக்கு வருவது எவ்வளவு?

மூடினால் 130,000 கைக்கு வராது. மெஷின்களைக் கழற்றி, குழாய் வயர் எல்லாம் எடுத்து, கடையைப் பழையபடி ஆக்கிக் கொடுக்க 6,000 ஆகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாடகை மாதம் 2,000. ஒப்பந்தம் இரண்டு வருடம். முதல் வருடக் கடைசியில் மூடினாலும் மீதி 12 மாத வாடகை, அதாவது 24,000, கட்ட வேண்டும் என்றுதான் நீங்கள் அனுப்பிய நகலில் இருக்கிறது. 130,000-இல் இந்த 30,000 போனால் மிஞ்சுவது 100,000. நடத்துவதைவிட 20,000 அதிகம். பாதி வாய்ப்பு என்பதால் 10,000. இன்றைய மதிப்பில் 8,929. இதற்கு விற்பவர் கேட்பதோ 9,000.

இப்போது அந்த விதி. 'முதல் வருடத்துக்குப் பிறகு இரண்டு மாத முன்னறிவிப்புடன் வெளியேறலாம்' என்று கடை உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். 24,000 செலவு 4,000 ஆகிறது. மூடினால் கைக்கு 120,000. நடத்துவதைவிட 40,000 அதிகம். உத்தரவாதத்தின் மதிப்பு 17,857. ஆரம்பத்து 3,571 நட்டத்தையும் 9,000-ஐயும் கழித்த பிறகும் 5,286 வெள்ளி லாபத்தில் நிற்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் தொழில் தேறுகிறது.

இன்னொன்று: உத்தரவாதம் இல்லாவிட்டாலும் பழைய மெஷின்களை வெளியில் விற்கலாம். 95,000 போகும் என்று விசாரித்து வைத்திருக்கிறீர்கள். வாடகை விதி இருந்தால் அதில் 85,000 மிஞ்சும். அந்த உரிமையின் மதிப்பு 2,232. எனவே விற்பவரின் காகிதம் உண்மையில் கூட்டித் தருவது மீதியுள்ள 15,625-தான். அதுவும் 9,000-க்கு மேல் இருப்பதால் வாங்கலாம். ஆனால் அந்த 95,000-ஐ நான் அவ்வளவாக நம்ப மாட்டேன். விடுதியை எதிர்பார்த்து இன்னும் இரண்டு பேர் டோபி கடை திறந்திருந்தால், அது வராத அன்றைக்கு எல்லோரும் ஒன்றாக மெஷினை விற்க வருவார்கள். விலை நமக்குத் தேவைப்படும் நேரத்தில்தான் விழும். எழுதி வாங்கிய விலைக்கு அந்தக் கவலை இல்லை; அங்கே கவலை, விற்பவர் அதுவரை தொழிலில் இருப்பாரா என்பதுதான். அவரிடமே வாங்கிய மற்றக் கடைக்காரர்களும் அதே நாளில் மெஷின்களைத் திருப்பிக் கொண்டுவந்தால் அவரால் சமாளிக்க முடியுமா என்று விசாரியுங்கள்.

12 சதவீதத்தில் கழித்தது இந்த உரிமையைக் கொஞ்சம் குறைத்தே காட்டுகிறது. தொழில் படுக்கும்போது பணம் தருவது, காப்புறுதி மாதிரி. அதற்குத் தொழிலின் அபாய விகிதத்தைப் போடுவது கடுமை. ஆகவே 17,857-ஐக் கீழ்மட்ட மதிப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் தேதிகளைப் பாருங்கள். விடுதி பற்றிய முடிவு 12-ஆம் மாதம் தெரியும், திருப்பிக் கொடுக்கும் கெடு 10-ஆம் மாதமே முடிகிறது என்றால் அந்தக் காகிதத்தால் பயனில்லை. கெடுவைக் குறைந்தது 15 மாதமாகக் கேளுங்கள். 'மெஷின் நல்ல நிலையில் இருந்தால்' என்று மட்டும் எழுதியிருந்தால், எது நல்ல நிலை, யார் சர்வீஸ் செய்த பதிவு வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். டிரையர்தான் அதிகம் உழைக்கும், சண்டையும் அதில்தான் வரும். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிவிடுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது.

கடைசியாக அந்தப் பாதிக்குப் பாதி. உத்தரவாதமும் விதியும் இல்லாமல் பார்த்தால், விடுதி வராத வாய்ப்பு 48 சதவீதத்தைத் தாண்டியதுமே கணக்கு நட்டத்துக்குப் போகிறது. இரண்டும் இருந்தால் ஏறக்குறைய 53 வரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது. விடுதிக்கு நகராண்மைக் கழகத்தில் விண்ணப்பமே போகவில்லை என்று தெரிந்தால், விற்பவர் இந்த உத்தரவாதத்தை இலவசமாகக் கொடுத்தாலும் கடையைத் திறக்காதீர்கள்.