இரண்டு வீடு, ஓர் உயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவள் நான். வழக்கறிஞர் இல்லை. உயில்கள் எங்கே உடைகின்றன என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

ஈசூன் வாசகர்: "அக்கா, எனக்கு 62 வயது. ஈசூனில் நாலறை வீவக வீடு, செங்காங்கில் ஒரு கொண்டோ. இரண்டிலும் என் பெயரும் மனைவி பெயரும் இருக்கின்றன. வீவக வீடு மனைவிக்கு, கொண்டோ மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. இப்படி இரண்டு வரியில் எழுதினால் போதாதா?"

தம்பி, அந்த இரண்டு வரிகளில் ஒன்று தேவையில்லாமல் போகலாம், இன்னொன்று பலிக்காமல் போகலாம். இரண்டு பெயர் இருக்கிறது என்றீர்கள். எந்த வகையில் இருக்கிறது என்று சொல்லவில்லையே! கூட்டுரிமை என்றால், ஒருவர் போனதும் வீடு முழுவதும் மற்றவருக்குத் தானாகவே போய்விடும். உயில் அதைத் தொடவே முடியாது. தனித்தனிப் பங்குரிமை என்றால், உங்கள் பங்கு மட்டும் உயில் வழியே போகும். வீவக வீட்டுக்கு வீவகவிடமும் கொண்டோவுக்கு நில ஆணையத்தின் உரிமைப் பதிவிலும் முதலில் இதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வீவக வீடு கூட்டுரிமை, கொண்டோவில் ஆளுக்குப் பாதிப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் முந்திப் போனால் ஈசூன் வீடு மனைவிக்குத்தான். அதை உயிலில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றே. கொண்டோவில் உங்கள் பாதிதான் பிள்ளைகளுக்குப் போகும், ஆளுக்குக் கால் பங்கு. மீதிப் பாதி மனைவியுடையது. பிள்ளைகளுக்கு முழுக் கொண்டோவும் போக வேண்டுமென்றால் மனைவியும் தனியாக ஓர் உயில் எழுத வேண்டும்.

மனைவி முந்திப் போனால் கதை மாறும். ஈசூன் வீடு முழுதும் உங்கள் கைக்கு வந்துவிடும், அப்போது உயில்தான் பேச வேண்டும். மகனுக்கு ஏற்கெனவே வீவக வீடு இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே இப்படி எழுதுங்கள்: "என் மனைவி எனக்கு முன்பே இறந்திருந்தால், ஈசூன் வீட்டை நிறைவேற்றுநர் விற்று, கடனும் செலவும் போக மீதியை என் மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் பிரித்துத் தர வேண்டும்." நிறைவேற்றுநர் என்றால் உயிலில் சொன்னதைச் செய்து முடிக்க நீங்கள் பெயர் குறிப்பிடும் ஆள்.

கொண்டோவைப் பற்றி: "செங்காங் கொண்டோவில் என் பங்கு" என்று மட்டும் எழுதிவிட்டு, அடுத்த ஆண்டே அதை விற்று வேறொன்று வாங்கினால் அந்தக் கொடை காற்றில் கரைந்துவிடும். உயிலில் சொன்ன பொருள் உங்களிடம் இல்லை, அவ்வளவுதான். அதனால் கடைசியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: "மேலே சொல்லாத என் சொத்துகள் அனைத்தும்" இன்னாருக்கு. அந்த வரி இல்லாத உயில்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விடுபட்ட சொத்து உயிலே இல்லாதவர் சொத்தைப் போல் பிரியும், மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. கொண்டோவில் வங்கிக் கடன் இருந்தால் அதை யார் சுமப்பது என்பதையும் எழுதுங்கள்.

தெம்பனிஸ் வாசகி: "நிறைவேற்றுநராக மகளையே போடலாமா? அவளுக்கும் பங்கு வருகிறதே."

போடலாம். பங்கு வாங்குவது தடையில்லை, 21 வயது நிறைந்திருந்தால் சரி. மாற்றாக இன்னொருவர் பெயரும் இருக்கட்டும். பொறுப்பை முதலாமவர் ஏற்காமல் போனால் நீதிமன்றம் வேறு ஆளைத் தேட வேண்டியிருக்காது. ஆனால் பங்கு வாங்கும் மகள் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது.

தோ பாயோ வாசகர்: "சாட்சிக்கு மகனும் மருமகளும் வீட்டிலேயே இருக்கிறார்கள். வேறு ஆளைத் தேடணுமா?"

இந்தக் கேள்வி இன்று ஐந்தாவது முறை. தேடுங்கள். சாட்சியாகக் கையெழுத்திட்டவருக்கு எழுதிய கொடை செல்லாது. அவருடைய கணவனோ மனைவியோ பெறும் கொடையும் செல்லாது. மருமகள் கையெழுத்திட்டால் மகனின் பங்கு போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர், பழைய அலுவலக நண்பர் என்று உங்களிடமிருந்து ஒன்றும் பெறாத இருவர் போதும். இருவரும் ஒரே நேரத்தில் இருக்க, நீங்கள் உயிலின் அடியில் கையெழுத்திட வேண்டும். பிறகு அவர்கள் உங்கள் கண்முன்னே இட வேண்டும். ஒருவர் காலையில், மற்றவர் மாலையில் என்றால் உயிலே நிற்காது.

ஒரு வாசகர் குறுக்கிட்டு: "அக்கா, தவறு. மருமகள் கையெழுத்திட்டால் முழு உயிலுமே செல்லாது என்று என் மாமா சொன்னார்."

உங்கள் மாமா பாதி சரி. உயில் நிற்கும், விழுவது அந்தக் கொடை மட்டும்.

சிராங்கூன் பெரியவர்: "அதெப்படி அம்மா? கும்பகோணம் பக்கத்தில் எங்கள் அப்பா எழுதிய உயிலில் என் அண்ணனே சாட்சி. அண்ணனுக்குத்தான் வீடு வந்தது. எவரும் கேட்கவில்லை."

ஐயா, அங்கே அது சரிதான். இந்தியாவின் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் சாட்சியின் கொடையைப் பறிக்கும் பிரிவு இந்துக்களின் உயிலுக்குப் பொருந்தாது. சிங்கப்பூர் உயில் சட்டத்தில் அப்படி விலக்கு இல்லை. ஊர் அனுபவம் இங்கே செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மீண்டும் சிராங்கூன் பெரியவர்: "சரி, அப்படியே இருக்கட்டும். எனக்கு அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீவக வீடு. ஊருக்கு ஒன்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. இங்கே இன்னொன்று எழுதினால் அது கெடுமா?"

கெடலாம், ஐயா. இங்கே எல்லாரும் பின்பற்றும் மாதிரியில் முதல் வரியே "முன்பு எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்பதுதான். அதை அப்படியே எழுதினால் ஊர் உயிலும் சேர்ந்து போய்விட்டதோ என்ற வழக்குக்குக் கதவு திறந்துவிடும். "சிங்கப்பூரில் உள்ள என் சொத்துகளைப் பற்றி முன்பு எழுதியவற்றை மட்டும்" என்று எழுதுங்கள். ஊர் உயிலிலும் அதேபோல் எல்லை குறித்திருக்கிறதா என்று ஊர் வழக்கறிஞரிடம் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு குடும்பம் இந்த ஒரு வரிக்காக அண்ணன் தம்பி பேச்சில்லாமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

மீண்டும் சிராங்கூன் பெரியவர்: "நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊரில் எழுதியது ஊரில்தான்."

சரி, ஐயா. ஊர் வழக்கறிஞர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.

ஊட்ரம் வாசகி: "மசே நிதியையும் உயிலில் எழுதலாமா?"

இல்லை. மசே நிதி கழகத்திடம் தனியாக நியமனம் செய்யுங்கள்.

கேலாங் வாசகர்: "நான் முஸ்லிம். இது எனக்கும் பொருந்துமா?"

பொருந்தாது. உங்களுக்கு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம். ஷரியா நீதிமன்றம் தரும் வாரிசுச் சான்றிதழ்தான் அடிப்படை. அந்தத் துறை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: "கைபேசியில் கையெழுத்திட்டு மின்னஞ்சலில் அனுப்பினால்?"

முடியாது. தாளில், மையில்.

ஈசூன் வாசகர் மீண்டும்: "அக்கா, பார்த்துவிட்டேன். கொண்டோ பங்குரிமைதான். தமிழில் எழுதலாமா? எழுதிய உயிலை நகல் எடுக்க ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றலாமா?"

தமிழில் எழுதலாம். ஆனால் நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும். மொழிபெயர்ப்பில் "பங்கு" எந்தப் பங்கு என்று சண்டை வரும். ஆங்கிலத்திலேயே எழுதி, மனைவிக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். பின்னைக் கழற்றாதீர்கள்! பின் இருந்த துளைகள் மட்டும் தெரிந்தால், ஏதோ ஒரு தாள் உருவப்பட்டிருக்குமோ என்று நீதிமன்றம் விளக்கம் கேட்கும். விளக்கம் தர வேண்டியவர் அப்போது உங்கள் மகள். அப்படியே மடக்கிப் படம் எடுங்கள்.