ஆளை எண்ணினால் சந்தை தெரியுமா?

கேள்வி: முற்றுரிமை என்றால் விற்பவர் ஒருவர், சில்லோர் முற்றுரிமை என்றால் சிலர், நிறைவுப் போட்டி என்றால் பலர். ஆளை எண்ணினாலே விஷயம் முடிந்தது. இதற்குப் போய்ப் பாடப்புத்தகத்தில் ஏன் இத்தனை பக்கம்?

பதில்: எண்ணினால் முடியாது. இரண்டே விற்பவர்களை வைத்துக்கொண்டு முற்றுரிமை விலையையும் கொண்டுவரலாம், போட்டி விலையையும் கொண்டுவரலாம். விலையைத் தீர்மானிக்கும்போது விற்பவர் மனதில் யார் இருக்கிறார் என்று கேளுங்கள், அதுதான் சரியான கேள்வி.

ஆயிரக்கணக்கானவர்கள் விளைவிக்கும் ஒரே ரகத் தானியத்தை விற்கும் விவசாயியின் மனதில் யாரும் இல்லை. சந்தை விலைக்கு மேல் கேட்டால் ஒருவரும் வாங்கமாட்டார். குறைத்து விற்கவும் அவசியமில்லை, அந்த விலைக்கே எல்லாம் போய்விடும். முற்றுரிமையாளர் வாங்குபவரை மட்டும் நினைக்கிறார். ஏற்றினால் எத்தனை பேர் விலகுவார்கள் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. சில்லோர் முற்றுரிமையில் பக்கத்து விற்பனையாளர் என்ன செய்வார் என்ற யோசனையும் சேர்ந்துகொள்கிறது. பாடம் நீள்வது அங்கேதான்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் கூர்னோ 1838-இல் இதற்கு இரண்டு நீரூற்றுகளை உதாரணமாக எடுத்தார். அதையே எண்கள் போட்டுப் பார்ப்போம், எண்கள் என்னுடையவை. ஒரு குடம் 140 நாணயம் என்றால் யாரும் வாங்குவதில்லை. ஒரு நாணயம் குறையக் குறைய ஒரு குடம் கூடுதலாக விற்கும். ஊற்றுக்காரருக்குக் குடத்துக்கு 20 நாணயம் செலவு.

ஊற்று ஒருவரிடமே இருந்தால் அவர் 80 நாணயத்துக்கு 60 குடம் விற்பார். குடத்துக்கு 60 லாபம், மொத்தம் 3600. ஒரு நாணயம் ஏற்றினாலும் இறக்கினாலும் 3599 ஆகிவிடும், போட்டுப் பாருங்கள்.

இப்போது இரண்டு ஊற்றுகள், இரண்டு உரிமையாளர்கள். ஆளுக்கு 30 குடம் என்று ரகசியமாகப் பேசி முடித்தால் விலை அதே 80, லாபம் ஆளுக்கு 1800. வாங்குபவருக்கு இதுவும் முற்றுரிமைதான். ஆனால் இந்த ஒப்பந்தத்துக்கு உள்ளேயே ஓட்டை இருக்கிறது. ஒருவர் சத்தமில்லாமல் 45 குடம் இறக்கினால் மொத்தம் 75 குடமாகி, விலை 65-க்கு வரும். அவருக்கு 2025 கிடைக்கும், வாக்குத் தவறாதவருக்கு 1350-தான். அவர் சும்மா இருப்பாரா? அவரும் அளவை மாற்றுவார். இப்படி மாறி மாறிக் கடைசியில் ஆளுக்கு 40 குடத்தில் வந்து நிற்கும். விலை 60, லாபம் ஆளுக்கு 1600. இங்கிருந்து யாராவது தனியாக ஒரு குடம் கூட்டினாலும் குறைத்தாலும் அவருக்கே 1599 ஆகும், அதனால்தான் நிற்கிறது. கூட்டாக விலை வைப்பவர்கள் ஒருவரையொருவர் கண்காணிக்க அத்தனை பாடுபடுவதும் இந்த 2025-ஐ நினைத்துத்தான்.

சரி, அளவைத் தீர்மானிக்காமல் இருவரும் விலைப் பலகை வைத்தால்? 1883-இல் பெர்த்ராண் என்பவர் இதைத்தான் கேட்டார். தண்ணீர் ஒன்றேதான், கேட்பவர் அனைவருக்கும் கொடுக்க ஒவ்வொருவரிடமும் போதுமான நீர் இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் 60 என்றால் மற்றவர் 59 என்பார், அப்புறம் 58. இறங்கி இறங்கி 20-இல்தான் நிற்கும். 120 குடம் விற்கும், லாபம் பூஜ்யம். ஆயிரம் ஊற்றுகள் இருந்தாலும் இதே விலைதான். ஊற்றில் நீர் குறைவாக இருந்தாலோ, தண்ணீரின் சுவை வேறுபட்டாலோ இந்தச் சரிவு பாதியில் நின்றுவிடும்.

ஆக, அதே இரண்டு பேர், மூன்று விலைகள்: 80, 60, 20. எண்ணிக்கை மட்டும் எதைச் சொல்லிவிட்டது?

இன்னொரு தவறான அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஒரே விலை வைத்தால் கூட்டுச்சதி என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நிறைவுப் போட்டியிலும் எல்லோருக்கும் ஒரே விலைதான். செலவு குறையும்போது விலை எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள், அது கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். நம் கணக்கில் குடத்துச் செலவு 20-இலிருந்து 10 ஆனால் போட்டியில் விலையும் 20-இலிருந்து 10-க்கு வந்துவிடும். ஒற்றை ஊற்றுக்காரர் 80-ஐ 75 ஆக்குவார், மீதி ஐந்து நாணயம் அவரிடமே தங்கிவிடும்.