ஜிஎஸ்டி பதிவு: வரியில்லாத விற்பனையும் கணக்கில் வருமா?

கோவையில் காய்கறிக் கடை. காய்கறி 36 லட்சம், பிஸ்கட், சோப்பு மாதிரி சரக்கு 5 லட்சம். வரி உள்ள விற்பனையே 5 லட்சம்தானே, பதிவு எதற்கு?

எடுத்தே ஆகணும். வரம்பைப் பார்க்கும்போது வரியுள்ளது, வரிவிலக்கு, ஏற்றுமதி எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள், ஜிஎஸ்டி தொகையை மட்டும் சேர்ப்பதில்லை. உங்களுக்கு 41 லட்சம் ஆகிறது, தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு வரம்பு 40 லட்சம். பயப்பட வேண்டாம், வரி அந்த 5 லட்சத்துச் சரக்குக்குத்தான். வெறும் காய்கறி மட்டுமே விற்றிருந்தால் ஒரு கோடி தாண்டினாலும் பதிவு தேவையில்லை. பிஸ்கட் வைத்ததால் வந்த வேலை இது!

ஹார்டுவேர் கடையில் 34 லட்சம், வீட்டு வாடகை வருஷம் 1.8 லட்சம். கூட்டினாலும் 40க்குள்தானே?

கூட்டல் சரி, வரம்புதான் தப்பு. 40 லட்சம் என்பது சரக்கு மட்டுமே விற்பவருக்கு. ஒரு குடும்பம் குடியிருக்க வீட்டை வாடகைக்கு விடுவதற்கு வரி இல்லை, ஆனால் சட்டத்தின் கண்ணில் அதுவும் ஒரு சேவை, அதனால் உங்கள் வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடுகிறது, நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். பலரும் மாட்டுவது இங்கேதான். வாடகைக்குப் பதில் பேங்க் டெபாசிட் வட்டியாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, வட்டி வருவதால் மட்டும் 40 லட்ச வரம்பு போகாது என்று 2019இல் விளக்கம் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் கூட்டலில் அந்த வட்டியும் வரும்.

கடலூரில் ஜவுளிக்கடை 17 லட்சம், புதுச்சேரியில் இன்னொன்று 8 லட்சம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சின்னக் கடைகள்தான்.

தனித்தனியாகப் பார்க்க மாட்டார்கள். ஒரே பான் என்றால் இந்தியா முழுக்க எத்தனை கடை இருந்தாலும் ஒரே கூட்டல், அதாவது 25 லட்சம். 40க்குள்தானே என்று விட்டுவிடாதீர்கள், தமிழ்நாடு அந்தச் சலுகையில் இருக்கிறது, புதுச்சேரி இல்லை (தெலங்கானாவும் இல்லை), அங்கே விற்பவருக்கு 40 லட்சச் சலுகை கிடையாது, 20தான். ஆக இரண்டு இடத்திலும் தனித்தனிப் பதிவு வேண்டும். தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பித்துவிட்டால் தாண்டிய தேதியிலிருந்தே பதிவு செல்லும், தாமதித்தால் பதிவு கிடைத்த நாளிலிருந்துதான், இடைப்பட்ட விற்பனைக்கு வரியைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டி வரும்.

புதுச்சேரிக் கடையை மனைவி பெயருக்கு மாற்றினால்?

மனைவியின் பான் வேறு, கணக்கும் வேறுதான். ஆனால் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டு, முதலீடு, கொள்முதல், பேங்க் கணக்கு எல்லாம் உங்களுடையதாகவே இருந்தால் அதிகாரி அதை உங்கள் கடையாகத்தான் பார்ப்பார். அப்புறம் ஒன்று, கடலூரிலிருந்து புதுச்சேரி வாடிக்கையாளருக்குத் துணி அனுப்பி விற்றால் அது மாநிலம் தாண்டிய விற்பனை, அதற்கு எந்த வரம்பும் கிடையாது, முதல் பில்லுக்கே பதிவு வேண்டும்.