சரிவு நிலத்தில் டிரிப்பர்: அழுத்தம் மாறினால் நீர் ஏன் மாறுகிறது, பிசி டிரிப்பரில் ஏன் மாறுவதில்லை? (கேள்வி பதில்)

கேள்வி (போடி மலையடிவாரம், தென்னை): ஐயா, கிணறு பள்ளத்தில் இருக்கிறது, தோப்பு சரிவில் ஏறுகிறது. கீழ் வரிசைக்கும் மேல் வரிசைக்கும் 12 மீட்டர் உயர வித்தியாசம். கீழே கேஜ் 2 கிலோ காட்டுகிறது. எல்லா மரத்துக்கும் மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் நான்குதான் போட்டிருக்கிறோம். ஆனாலும் கீழே சேறாகிறது, மேலே காய்கிறது. ஏன்?

பதில்: நீங்கள் போட்டிருப்பது சாதாரண டிரிப்பர் என்றால், 4 லிட்டர் என்பது ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தில், அதாவது 10 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் தரும் அழுத்தத்தில், அது விடும் அளவு மட்டுமே. அழுத்தம் மாறினால் அந்த அளவும் மாறிவிடும். உங்கள் தோப்பில் கீழே 20 மீட்டர் அழுத்தம் இருக்கிறது. தண்ணீர் 12 மீட்டர் ஏறுவதற்குள் அதில் 12 மீட்டரை இழந்துவிடுவதால் மேல் வரிசைக்கு எஞ்சுவது 8 மீட்டர்தான். குழாயின் உராய்வைச் சேர்த்தால் இன்னும் குறையும். கணக்கு எளிதாக இருப்பதற்காக அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

சாதாரண டிரிப்பருக்குள் தண்ணீர் ஒரு நெளிபாதையில் மோதி, சுழன்று, திரும்பித் திரும்பி வெளியேறுகிறது. அந்தச் சுழலில் இழக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஆகவே நீர் இரண்டு மடங்கு வர வேண்டுமானால் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. இந்த விதிப்படி கீழ் வரிசை டிரிப்பர் மணிக்கு 5.66 லிட்டரும் மேல் வரிசை டிரிப்பர் 3.58 லிட்டரும் விடும். இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடினால், நான்கு டிரிப்பர் உள்ள கீழ் மரம் சுமார் 45 லிட்டரும் மேல் மரம் சுமார் 29 லிட்டரும் பெறுகின்றன. நீங்கள் கண்ணால் பார்க்கும் சேறும் வறட்சியும் இந்த 16 லிட்டர் வித்தியாசத்தின் விளைவுதான். டிரிப்பரில் பழுது எதுவும் இருக்க வேண்டியதில்லை.

கேள்வி (பொள்ளாச்சி): வர்க்கமூலம் என்பதை ஏற்க முடியவில்லை. எங்கள் தோப்பில் மைக்ரோட்யூப்தான். பிரஷரைக் கூட்டினால் தண்ணீரும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுவதை நானே பாத்திரம் வைத்து அளந்திருக்கிறேன்.

பதில்: உங்கள் அளவீட்டை நான் மறுக்கவில்லை, அது மைக்ரோட்யூபுக்குப் பொருந்தும், டிரிப்பருக்குப் பொருந்தாது. நீண்ட மெல்லிய குழாயில் தண்ணீர் சுழலாமல் சீராக வழுக்கிக்கொண்டு போனால், அழுத்தம் இரண்டு மடங்காகும்போது நீரும் இரண்டு மடங்கை நெருங்கும். நெளிபாதை உள்ள டிரிப்பரில் அதே மாற்றம் நீரை 1.4 மடங்காக மட்டுமே உயர்த்தும். உண்மையான மைக்ரோட்யூப்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கின்றன. ஆகையால் சரிவு நிலத்தில் மைக்ரோட்யூப் போட்டிருப்பவருக்கு மேடு பள்ள வித்தியாசம், முதல் கேள்வியைக் கேட்டவருக்கு இருப்பதைவிட மோசமாகவே இருக்கும்.

கேள்வி (பாசனப் பொருத்துநர், தேனி): ஐந்தாறு வருடமாக பிசி டிரிப்பர் மாட்டிக் கொடுக்கிறேன். உள்ளே ஒரு ரப்பர் இருக்கிறது என்பது தெரியும். அது அழுத்தத்தை எப்படிப் புரிந்துகொள்கிறது?

பதில்: பிசி என்றால் அழுத்த மாற்றத்தை ஈடுசெய்வது என்று பொருள். பழைய பிசி டிரிப்பர் ஒன்றைத் திறந்து, மூடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நகத்தளவு உள்ள சிலிக்கோன் ரப்பர் சவ்வு ஒன்று தளர்வாகக் கிடக்கும். அதற்கு அடியில் ஒரு சிறு அறையும், அறையின் நடுவில் வெளியேறும் துளையும், துளையைச் சுற்றி சற்றே உயர்ந்த விளிம்பும் இருக்கும். பல டிரிப்பர்களில் அந்த விளிம்பின் குறுக்கே மயிரிழை போன்ற ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். சவ்வு முழுவதும் படிந்தாலும் வழி அடைபடாமல் இருப்பதற்காகவே அந்தப் பள்ளம்.

லேட்டரலில், அதாவது டிரிப்பர்கள் மாட்டிய கிளைக்குழாயில், இருக்கும் முழு அழுத்தமும் சவ்வின் மேற்புறத்தைத் தொடுகிறது. அதே தண்ணீர் நெளிபாதை வழியாகச் சுற்றி, அழுத்தத்தில் ஒரு பகுதியை இழந்த பிறகு, சவ்வின் அடிப்புற அறைக்கு வருகிறது. ஆக, மேலே அதிக அழுத்தம், அடியில் குறைந்த அழுத்தம். இந்த வித்தியாசம் சவ்வை விளிம்பை நோக்கி வளைக்கிறது. லேட்டரலில் அழுத்தம் கூடினால் சவ்வு இன்னும் சற்று வளைந்து இடைவெளியைக் குறுக்குகிறது. இடைவெளி குறுகியதும் தண்ணீர் எளிதில் வெளியேற முடியாமல் அறையின் அழுத்தமும் உயர்கிறது. மேலே உயர்ந்த அளவுக்கு ஏறக்குறைய அடியிலும் உயர்ந்துவிடுவதால், நெளிபாதையின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பழைய அளவிலேயே நிற்கிறது. நெளிபாதையில் ஓடும் நீரைத் தீர்மானிப்பது அந்த வித்தியாசம் மட்டும்தான் என்பதால் நீரின் அளவு மாறுவதில்லை. கூடுதலாக வந்த அழுத்தம் முழுவதும் சவ்வுக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள குறுகிய வழியில் செலவாகிவிடுகிறது. இதில் எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது, அந்தச் சவ்வு எதனோடும் இணைக்கப்படாமல், தண்ணீர் தரும் விசையாலேயே தன் இடத்தைக் கண்டுகொள்கிறது என்பதுதான்.

கேள்வி (ஒட்டன்சத்திரம்): பிசி போட்டால் லைன் முழுக்க பிரஷர் சமமாகிவிடும், லேட்டரலை எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். சரிதானா?

பதில்: பாதி சரி. லேட்டரலை நீளமாக இழுக்கலாம் என்பது உண்மை. ஆனால் அழுத்தம் சமமாவதில்லை; சமமாவது வெளியேறும் நீர் மட்டுமே. லைனில் அழுத்தம் சரிவாலும் உராய்வாலும் முன்போலவே மாறிக்கொண்டிருக்கும். பல பிசி டிரிப்பர்கள் ஏறத்தாழ 0.5 கிலோ முதல் 4 கிலோ வரை நீரைச் சீராக வைத்திருக்கும். உங்கள் டிரிப்பரின் எல்லையை அதன் விவரத் தாளில் பாருங்கள். கீழ் எல்லைக்கும் குறைவான அழுத்தத்தில் சவ்வு வேலையைத் தொடங்காது. அது சாதாரண டிரிப்பர் போலவே நடந்துகொள்ளும். ஆகவே நீளத்துக்கு எல்லை உண்டு: மிக மேடான அல்லது மிகத் தொலைவான கடைசி டிரிப்பரில் கீழ் எல்லை அழுத்தம் மிஞ்ச வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள மோட்டார் அருகில் உள்ள கேஜ் உதவாது. லேட்டரலின் கடைசி முனையில் ஒரு கேஜை மாட்டி, எல்லா லைனும் ஓடும்போது பாருங்கள்.

கேள்வி (ஒரு ஏக்கர் வாழை, சமநிலம்): எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போகிறது. பிசி போட்டுவிட்டு பிரஷரை ஏற்றினால் சீக்கிரம் பாய்ச்சி முடித்துவிடலாமா?

பதில்: முடியாது, பிசி டிரிப்பரின் வேலையே அதைத் தடுப்பதுதான். அழுத்தத்தை ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோவாக ஏற்றினாலும் மணிக்கு 4 லிட்டர்தான் வரும். மோட்டார் செலவழித்த கூடுதல் சக்தி சவ்வின் இடுக்கில் வீணாகும். விரைவாகப் பாய்ச்ச வேண்டுமானால் மணிக்கு 8 லிட்டர் டிரிப்பரையோ மரத்துக்குக் கூடுதல் டிரிப்பரையோ யோசியுங்கள். கிணறும் மோட்டாரும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். மேலும் ஒரு ஏக்கர் சமநிலத்தில் லேட்டரல்கள் குட்டையாக இருந்தால் பிசி தேவையே இல்லை. அழுத்தம் 20 சதவீதம் குறைந்தாலும் சாதாரண டிரிப்பரில் நீர் 10 சதவீதம்தான் குறையும்.

கேள்வி (கம்பம், திராட்சை): எங்கள் பிசி டிரிப்பர்களில் சில இப்போது மற்றவற்றைவிட அதிகமாகத் தண்ணீர் விடுகின்றன. அடைப்பு என்றால் குறையத்தானே வேண்டும்?

பதில்: பிசி டிரிப்பரில் அழுக்கு இரண்டு விதமாகவும் வேலை செய்யும். நெளிபாதையில் தங்கினால் நீர் குறையும். சவ்வுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு மணல் துகள் சிக்கினால் சவ்வு படிய முடியாது, அதனால் நீர் கூடும். முதலில் லேட்டரல் முனைகளைத் திறந்து அலசிவிடுங்கள். ஃபில்டர் வலை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகும் நீர் கூடுதலாகவே வந்தால், சவ்வு விறைத்துவிட்டதா அல்லது தன் இடத்திலிருந்து விலகிவிட்டதா என்று சந்தேகிக்கலாம். இதை அளந்தே கண்டுபிடிக்கலாம். ஒரே டிரிப்பரின் அடியில் பாத்திரம் வைத்து, அந்த இடத்து அழுத்தம் 0.8 கிலோவாக இருக்கும்போது 15 நிமிடமும், 1.6 கிலோவாக இருக்கும்போது 15 நிமிடமும் நீரைப் பிடியுங்கள். நல்ல 4 லிட்டர் பிசி டிரிப்பர் இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரு லிட்டர் தரும். பின்வரும் கணக்கில் q என்பது பிடித்த நீர், H என்பது அழுத்தம்:

```
x = log(q2/q1) / log(H2/H1)
```

முதல் முறை 950 மில்லியும் இரண்டாம் முறை 1,180 மில்லியும் வந்ததாக வைத்துக்கொண்டால் x சுமார் 0.31. சாதாரண டிரிப்பருக்கு இது 0.5, நல்ல பிசிக்குச் சுழியத்தை ஒட்டி இருக்கும். 0.31 என்றால் சவ்வு பாதிக்கு மேல் தன் வேலையை விட்டுவிட்டது என்று பொருள். ஒரு டிரிப்பரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வரிசையின் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களிலாவது அளந்து பாருங்கள்.

கேள்வி (கொடைக்கானல் கீழ்மலை, காப்பி): பிசி போட்ட பிறகும் மோட்டாரை நிறுத்தியதும் பள்ளத்துச் செடிகளுக்கு வெகுநேரம் சொட்டுகிறது.

பதில்: மோட்டார் நின்றதும் லைனில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் சரிவில் இறங்கி, அடியில் இருக்கும் டிரிப்பர்கள் வழியாக வடிகிறது. 16 மில்லிமீட்டர் லேட்டரலில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 15 லிட்டர் தண்ணீர் நிற்கும். தினமும் சிறிது நேரமே பாய்ச்சுபவருக்கு இது அலட்சியப்படுத்தக்கூடிய அளவு அல்ல. அழுத்தம் விழுந்ததும் தானே மூடிக்கொள்ளும், வடியாத வகை பிசி டிரிப்பர்கள் இதற்காகவே விற்கப்படுகின்றன. அவையும் தமக்குக் குறிப்பிட்ட சிறிய அழுத்தம் வரைதான் மூடியிருக்கும். செங்குத்தான லேட்டரலில் அதையும் மீறி வடியும்.

ஒரு மாற்றுக் கருத்து (ஓய்வுபெற்ற வேளாண் பொறியாளர்): போடிக்காரருக்கு பிசி அவசியமில்லை என்பது என் கருத்து. தோப்பை உயரவாரியாக மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு வைத்தாலே போதும். செலவும் குறையும், ரப்பரைப் பற்றிய கவலையும் இல்லை.

பதில்: ஐயா சொல்வதில் கணக்குப் பிழை இல்லை. 12 மீட்டர் சரிவை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியிலும் 4 மீட்டர் வித்தியாசம்தான். பகுதியின் நடுவில் 10 மீட்டர் அழுத்தம் இருக்கும்படி வால்வைத் திருகி வைத்தால், டிரிப்பர்கள் 3.58 லிட்டருக்கும் 4.38 லிட்டருக்கும் இடையில் விடும். தென்னைக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் கிணற்று நீர்மட்டம் கோடையில் இறங்கும்போது மோட்டார் தரும் அழுத்தமும் மாறும். அப்போது மூன்று வால்வுகளையும் கேஜ் பார்த்து மீண்டும் திருத்த ஒருவர் வேண்டும். அந்த ஆள் தோப்பில் இருந்தால் ஐயா சொன்ன வழி, இல்லையென்றால் பிசி என்பது என் நிலை. ஐயா இதை முழுமையாக ஏற்பதில்லை என்பதை அறிவேன். எந்த வழியானாலும் லேட்டரல்கள் சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில் ஓடுகின்றனவா என்பதே முதலில் தெரிய வேண்டியது; அவை மேலிருந்து கீழாக ஓடினால், குழாய்களை மாற்றிப் போடாமல் மூன்றாகப் பிரிக்க முடியாது. போடிக்காரர் அதைப் பார்த்துத் தெரிவிக்கட்டும்.