முப்பது பள்ளி நாள்கள்

கேள்வி: என் மகன் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். திருச்சிப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் பள்ளி விடுமுறை வாரத்தில் வருகிறது. மண்டல பூஜை முடியும்வரை ஏழு வாரங்கள் குடும்பத்தோடு தங்கவேண்டும் என்கிறார் மாமனார். தலைமையாசிரியருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது? உடம்பு சரியில்லை என்று எழுதினால் வம்பில்லை என்கிறார் நாத்தனார். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.
– ஒரு தாய், பீடோங், கெடா

பதில்: சகோதரி, உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் எனக்கு நிம்மதி தந்தது. டிக்கெட் எடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போகும் பெற்றோர் கேட்பது அனுமதியன்று. அவர்கள் சொல்வது தகவல் மட்டுமே. அந்த வேறுபாட்டைத் தலைமையாசிரியர் கடிதத்தின் முதல் வரியிலேயே கண்டுகொள்வார். நீங்கள் இன்னும் கேட்கும் நிலையில் இருக்கிறீர்கள் என்பதால், கேட்பதற்குமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஏழு வாரங்கள் என்று நாம் வாயால் சொல்கிறோம். பள்ளியோ பள்ளி நாள்களைத்தான் எண்ணும். கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை, ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளி. முதல் வாரம் பள்ளி விடுமுறைக்குள் அடங்கிவிட்டால் மீதி ஆறு வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள், ஆக 30 பள்ளி நாள்கள். நடுவில் பொதுவிடுமுறை வந்தால் ஒன்றிரண்டு குறையும். சிலாங்கூரில் இருக்கும் உறவினரின் பழைய கடிதத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாகக் கணக்கிட்டு, பள்ளியின் வருகைப் பதிவோடு பொருந்தாத நாள்களைக் குறித்துவிடுவதுண்டு. பள்ளியின் ஆண்டு நாட்காட்டியை எதிரில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

இந்த 30 நாள்களுக்கு என்ன பொருள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பாசிரியர் நாள்தோறும் மாணவர் வருகையைக் கணினியில் பதிகிறார். வராத பிள்ளைக்குக் காரணம் உண்டா, இல்லையா என்பதும் அங்கே பதிவாகும். காரணமின்றித் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம் வரும். வருகை இல்லாமலே போனால் அடுத்தடுத்த கடிதங்கள் வரும். அவை உங்கள் வீட்டு முகவரிக்கு வரும்போது நீங்கள் திருச்சியில் இருப்பீர்கள். பூட்டிய வீட்டுக்கு வந்த கடிதத்துக்கு யாரும் பதில் எழுதமாட்டார்கள். 2003ஆம் ஆண்டிலிருந்து தொடக்கக் கல்வி இந்நாட்டில் கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும் அந்த ஆறாண்டுகளும் மாணவனாக வைத்திருப்பதும் பெற்றோரின் கடமை என்று கல்விச் சட்டம் சொல்கிறது. தவறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கோயிலுக்குப் போய்வந்த குடும்பத்தை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதில்லை. ஆயினும் தலைமையாசிரியர் உங்கள் கடிதத்தை இந்தச் சட்டத்தின்கீழ்தான் வாசிக்கிறார். இத்தனை நாள் விடுப்பு என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தைக் கேட்காமல் அவர் பதில் தர விரும்பாமலும் இருக்கலாம். அவர் தயங்குவதைக் கோயிலின்மீது மதிப்பில்லாதவர் என்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாத்தனார் சொன்னதைச் செய்யாதீர்கள். நோய் என்று எழுதினால் மருத்துவச் சான்றிதழைக் கேட்பார்கள். ஆறு வாரத்துக்குச் சான்றிதழ் இல்லாத நோய் கிடையாது. அதைவிட முக்கியமானது, திரும்பி வந்த அன்றே உங்கள் மகன் யாகசாலையைப் பற்றியும் அன்னதானத்தைப் பற்றியும் வகுப்பில் ஆசையாகப் பேசப்போகிறான் என்பது. பேசாதே என்று அவனைத் தடுத்தால், தன் ஆசிரியரிடம் பொய் சொல்லும் சுமையைப் பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுகிறீர்கள். தோட்டத்துப் பள்ளியில் ஒரு வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் இருந்தால், ஒரு பிள்ளை வராத நாளில் அந்த வகுப்பின் வருகை 87.5 விழுக்காடாகிவிடும், அவன் எங்கே போனான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

பாடத்தைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு உண்மையான கவலை அதில்தான். நான் இதழியலுக்கு வருமுன் சில ஆண்டுகள் தோட்டப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்தேன். ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு மாணவன் திரும்பி வந்தான். நோட்டுப்புத்தகம் நிறைந்திருந்தது, நண்பனுடையதைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தான். அவன் போனபோது நாங்கள் பின்னத்தில் இருந்தோம். வந்தபோது தசமத்தைக் கடந்திருந்தோம். பத்தில் மூன்று என்ற பின்னமும் 0.3 என்ற தசமமும் ஒன்றே என்பது அவனுக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் ஓயாமல் கேள்வி கேட்கும் பிள்ளை ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டுதான் எனக்கு அது புலப்பட்டது. நிறைந்த நோட்டைப் பார்த்துப் பெற்றோர் திருப்தியடைந்துவிட்டார்கள்.

மலாய் மொழியின் இழப்பு இதைவிடப் பெரிது. அதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் ஆறேழு வாரங்கள் இருக்கும் பிள்ளைக்குத் தமிழ் வளரும், அது நல்லதுதான். ஆனால் அங்கே மலாய் ஒரு சொல்கூடக் காதில் விழாது. தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கு மலாய் பள்ளியில் மட்டுமே புழங்கும் மொழி. இன்னும் மூன்றாண்டுக்குள் உங்கள் மகன் மலாயில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போவான். மலாய் போதாத பிள்ளைகள் முதலாம் படிவத்துக்குமுன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்காரவேண்டியிருக்கும். ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின், வகுப்பறையில் ஆசிரியர் பார்த்துப் பதிகிற ஒன்றிலிருந்து ஆறு வரையான அடைவுநிலைகளுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. தேர்வு இல்லாத மாதம்தானே என்று நினைத்துப் பிள்ளையை நிறுத்துவது பழைய கணக்கு. ஆசிரியர் பார்க்காததை ஆசிரியரால் பதிய முடியாது.

ஆகவே, மாமனாரிடம் ஒரு மாற்றுத் திட்டத்தை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். கும்பாபிஷேகம் நடக்கும் நாளில் பேரன் அங்கே இருக்கவேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் காரியம், அதுவும் விடுமுறை வாரத்திலேயே வருகிறது. மண்டல பூஜை 48 நாளும் குடும்பத்தின் சார்பில் ஒருவர் இருந்தாலே போதும்; மாமனாரும் மாமியாரும் தங்கட்டும். நீங்கள் மகனோடு மூன்று வாரத்தில் திரும்பினால் விடுமுறை வாரம் போகப் பத்தே பள்ளி நாள்கள்தான். 30 நாள் கேட்டு மறுக்கப்படுவதற்குப் பதிலாக 10 நாள் கேட்டு இசைவு பெறுவது நடக்கக்கூடியது; விட்ட பாடத்தையும் இரண்டு வாரம் என்றால் பிடித்துவிடலாம்.

இந்தப் பத்து நாளுக்கு எழுதவேண்டிய கடிதத்தின் உடல் பகுதி இதோ. உங்கள் பெயர், முகவரி, மகனின் பெயர், வகுப்பு ஆகியவற்றை வழக்கம்போல் மேலே எழுதிக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தமிழ்நாட்டில் திருச்சிக்கு அருகில் உள்ள எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்தில் கலந்துகொள்ள என் மகனை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கும்பாபிஷேகம் பள்ளி விடுமுறையில் நடைபெறுகிறது. அதனைத் தொடர்ந்த குடும்பச் சடங்குகளுக்காக, ……ஆம் தேதி முதல் ……ஆம் தேதி வரை, மொத்தம் 10 பள்ளி நாள்கள், அவனுக்கு விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விடுப்பு முடிந்து எந்த நாளில் அவன் வகுப்புக்குத் திரும்புவான் என்பதையும் தேதியுடன் கீழே எழுதியுள்ளேன். இந்நாள்களில் வகுப்பில் நடக்கவிருக்கும் கணிதம், மலாய்ப் பாடப் பகுதிகளை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெற அனுமதி வேண்டுகிறேன். அவற்றை நாள்தோறும் அவனோடு அமர்ந்து செய்யவைக்கும் பொறுப்பு என்னுடையது. பயணச்சீட்டு இன்னும் வாங்கவில்லை. இந்தத் தேதிகளில் முக்கியமான மதிப்பீடு ஏதும் இருப்பின் தெரிவியுங்கள்; நாள்களை மாற்றிக்கொள்கிறேன். தங்கள் முடிவை எழுத்தில் தந்தால் நன்றியுடையவளாவேன். வெளிநாட்டில் என்னைத் தொடர்புகொள்ளும் எண்ணும், இங்கே பள்ளிக் கடிதங்களைப் பெற்றுக்கொள்ளும் உறவினரின் முகவரியும் இணைத்துள்ளேன்."

இதில் எந்த வரியை விட்டாலும் பயணச்சீட்டு வாங்கவில்லை என்ற வரியை விடாதீர்கள். அது உண்மையாகவும் இருக்கவேண்டும். தலைமையாசிரியருக்கு முடிவெடுக்க இடம் தருவது அந்த வரிதான். கடிதத்தின் மலாய்ப் படி ஒன்றையும் இணையுங்கள். கோப்பு மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் அங்கே அதைத்தான் வாசிப்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் பள்ளி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் படியில் பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு அதையே கடிதமாகக் கருத வேண்டாம். ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அந்த வரியும் அவரோடு போய்விடும்.

பாடம் என்று வாங்கிப் போவது பத்துப் பயிற்றுத்தாளாக இருந்தால் போதாது. ஆசிரியரிடம், "இந்த இரண்டு வாரத்தில் அவன் எதைப் புரிந்துகொண்டு வரவேண்டும்?" என்று கேளுங்கள். பின்னத்தைத் தசமமாக மாற்றுவது என்று அவர் சொன்னால், திருச்சிக் கடைத்தெருவில் கால் கிலோ, அரை கிலோ நிறுக்கும் இடத்திலேயே அதைச் சொல்லிக்கொடுக்கலாம். மலாய்க்கு ஒரு வழி உண்டு: தினமும் அன்று பார்த்ததை ஐந்து மலாய் வாக்கியங்களில் எழுதி, சத்தமாகப் படிக்கச் செய்யுங்கள். ஆசிரியர் திருத்துவதற்கு அந்த நோட்டை, திரும்பிய முதல் நாளிலேயே கொடுத்தனுப்புங்கள். வாக்கியங்களில் பிழை இருக்கட்டும், நீங்கள் திருத்திவிடாதீர்கள். எங்கே நிற்கிறான் என்பது ஆசிரியருக்கு அந்தப் பிழையில்தான் தெரியும்.

தலைமையாசிரியர் பத்து நாளும் தரமுடியாது, ஐந்து நாள் போதும் என்று சொன்னால் ஐந்து நாளில் திரும்புங்கள். கூடுதலாகத் தங்கிவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டால், இந்த முறை காரியம் முடிந்துவிடும். அடுத்த தாய் இதே கோரிக்கையோடு வரும்போது அவருக்கு மறுப்புத்தான் கிடைக்கும். எழுத்தில் பதில் கைக்கு வந்த பிறகே டிக்கெட் எடுங்கள். அதற்குள் விலை நூறு வெள்ளி கூடிவிடலாம்; அந்தச் செலவை மாமனாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.